வார்ஃபரின் எடுப்பவரின் மூளையில் ரத்தம் கசிந்தால்: உறைதலை மீட்கும் முழுமையான வழிகாட்டி

மூளைக்குள் ஒரு சிறு ரத்தக்குழாய் வெடித்தால், மற்றவர்களுக்கு அந்தக் கசிவு பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்கு அப்படி அடங்காது. ஒரு நாள் கழித்தும் ரத்தக்கட்டி பெருகிக்கொண்டே போகலாம். அந்தப் பெருக்கத்தை நிறுத்துவதற்குக் கையில் இருப்பது முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான். எந்த மருந்தை எந்த வரிசையில், எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் கொடுப்பது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனதில் வைத்து எழுதியது இது. வீட்டில் யாராவது இந்த மாத்திரைகளை எடுக்கிறார்கள் என்றால் நீங்களும் படிக்கலாம். ஆனால் இதிலுள்ள அளவுகள் மருத்துவமனைக்கு உரியவை. அவற்றை வைத்து வீட்டில் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

பேசுவதற்கு வசதியாக ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 58, எடை 60 கிலோ. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு கெட்டு, பத்து வருடங்களுக்கு முன்பு உலோக வால்வு பொருத்தப்பட்டவர். அதிகாலை 3 மணிக்குத் தலைவலி, வாந்தி. கொஞ்ச நேரத்தில் இடது கை, கால் விழுந்துவிட்டது. 4 மணிக்கு மகன் ஆம்புலன்ஸில் கூட்டிவருகிறார்.

முதல் படி: எந்த மாத்திரை, கடைசியாக எப்போது

"அம்மாவுக்கு வால்வு மாத்திரை உண்டு சார், தினமும் சாயங்காலம் போடுவாங்க" என்கிறார் மகன். இது போதாது. "மாத்திரை அட்டை இருக்கா தம்பி? இல்லேன்னா வீட்டுக்கு போன் பண்ணி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க" என்று கேளுங்கள். வார்ஃபரினா, அசெனோகூமரோலா, டபிகட்ரானா, ரிவராக்சபானா, அபிக்சபானா என்பதைப் பொறுத்து அடுத்துச் செய்வது எல்லாமே மாறிவிடும். உலோக வால்வு உள்ளவர் என்றால் அது அநேகமாக வார்ஃபரின் அல்லது அசெனோகூமரோல்தான். மற்ற மூன்றும் புதிய மாத்திரைகள், அவை உலோக வால்வுக்கு ஆகாது. ஆனாலும் அட்டையைப் பார்க்காமல் ஊகிக்க வேண்டாம்.

இன்னொரு கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும்: கடந்த ஒரு வாரத்தில் புதிதாக ஏதாவது மருந்து சாப்பிட்டாரா? நம் நோயாளிக்கு வயிற்றுப்போக்கு வந்து, மருந்துக் கடையில் கேட்டு நாலு நாளாக மெட்ரோநிடசோல் சாப்பிட்டிருக்கிறார். அது வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்துவிடும். தினமும் போட்ட அதே அளவு மாத்திரை உடலில் தேங்கித் தேங்கி மிகையாகிவிடுகிறது. கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல் இரண்டும் இதே வேலையைச் செய்யும். காரணம் இப்போதே தெரிந்தால், உறைதல் எவ்வளவு காலம் தடுமாறும் என்றும் ஓரளவு கணிக்கலாம்.

இரண்டாம் படி: ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, காத்திருக்காமல் இருப்பது

சிடி ஸ்கேன் எடுக்கும்போதே, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர், ரத்த வகை, தட்டணுக்கள், கிரியாட்டினின் எல்லாவற்றுக்கும் ரத்தம் போய்விட வேண்டும். ஸ்கேனில் வலது பக்கம் சுமார் 22 மில்லி அளவுக்கு ரத்தக்கட்டி. ரத்த அழுத்தம் 190/100. ஐஎன்ஆர் 5.2. மைட்ரல் உலோக வால்வுக்கு அது 3-ஐ ஒட்டி இருந்தால் போதும்.

ஆய்வகம் ஐஎன்ஆர் தர ஒரு மணி நேரம் ஆகும் என்றால் என்ன செய்வது? வார்ஃபரின் எடுப்பது உறுதி, மூளையில் கசிவும் உறுதி என்றால் எண்ணுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கீழே நான்காம் படியில் சொல்லப்போகும் உறைதல் காரணிச் செறிவை 1500 யூனிட் என்ற நிலையான அளவில் தொடங்கிவிடலாம். அமெரிக்க இதயவியல் கல்லூரியின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதலும் மூளைக்கசிவுக்கு இந்த நிலையான அளவை ஒப்புக்கொள்கிறது.

மருந்து எங்கே கை வைக்கிறது

அடுத்த இரண்டு படிகளையும் மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வேண்டுமானால் இது தெரிந்திருக்க வேண்டும். கல்லீரல் உறைதல் காரணிகள் பலவற்றைத் தயாரிக்கிறது. அவற்றில் 2, 7, 9, 10 ஆகிய நான்கும் வேலை செய்ய வைட்டமின் கே தேவை. ஒரு முறை பயன்பட்ட வைட்டமின் கே-யை உடல் புதுப்பித்து மறுபடி பயன்படுத்துகிறது. அந்தப் புதுப்பித்தலைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது. இதை முதலில் காட்டியவை மாடுகள். 1920-களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் கெட்டுப்போன இனிப்பு குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகம் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியாக வந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கும் அனுமதிக்கப்பட்டது.

ஆக, நம் நோயாளியின் ரத்தத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன. வேலை செய்யும் காரணிகள் இப்போது இல்லை. புதிதாகச் செய்துகொள்ளும் திறனும் கல்லீரலுக்கு இப்போது இல்லை. காரணிகளை வெளியிலிருந்து ஊற்றினால் முதல் குறை உடனே தீரும். இரண்டாவதைத் தீர்ப்பது வைட்டமின் கே. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாம் படி: வைட்டமின் கே

அளவு 10 மில்லிகிராம். 50 மில்லி சலைனில் கலந்து, 20 முதல் 30 நிமிடம் வரை மெதுவாக சிரை வழியே. வேகமாக ஏற்றினால் கடுமையான ஒவ்வாமை போன்ற அதிர்ச்சி வரலாம். அபூர்வம்தான், ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. அதனால் செவிலியர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அட்ரினலின் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தசையில் போடக் கூடாது. ஐஎன்ஆர் 5 இருப்பவருக்குத் தசையில் ஊசி குத்தினால் அங்கேயே இன்னொரு ரத்தக்கட்டி உருவாகும். தோலுக்கடியில் போட்டால் எவ்வளவு உறிஞ்சப்படும் என்று சொல்ல முடியாது. வாய்வழி மாத்திரை ரத்தக்கசிவு இல்லாதவருக்குச் சரி, இங்கே அல்ல.

மருந்து எடுக்கும்போது ஆம்பியூலின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். வேண்டியது ஃபைட்டோமெனடியோன், அதாவது வைட்டமின் கே1. சில மருந்தகங்களில் "வைட்டமின் கே" என்று கேட்டால் மெனடியோன் என்ற கே3 வந்துவிடும். அது வார்ஃபரினை முறியடிக்காது. பச்சிளம் குழந்தைகளுக்கான ஆம்பியூலில் 1 மில்லிகிராம்தான் இருக்கும். அவசரத்தில் ஒரு ஆம்பியூலை உடைத்துப் போட்டுவிட்டு "வைட்டமின் கே கொடுத்தாச்சு" என்று எழுதினால், தேவையில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கும். இரண்டு தவறையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டும் மறுநாள் ஐஎன்ஆர் வந்த பிறகுதான் தெரியவந்தன.

வைட்டமின் கே வேலையைத் தொடங்க 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முழுப் பலனுக்கு 12 முதல் 24 மணி நேரம். அதனால் இதை முதலில் தொடங்கிவிடுவதே நல்லது. மருந்து எப்படியும் கைவசம் இருக்கும். இது ஏறிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைக் கரைக்கலாம்.

நான்காம் படி: உறைதல் காரணிச் செறிவு

மருத்துவமனையில் இதைப் பிசிசி என்பார்கள். 2, 7, 9, 10 ஆகிய நான்கு காரணிகளையும் செறிவாக்கி உலர்த்திய தூள் இது. பெட்டியில் நான்கு காரணி வகை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று காரணி வகையில் 7 மிகக் குறைவு. அளவு எடையையும் ஐஎன்ஆரையும் பொறுத்தது. ஐஎன்ஆர் 2-லிருந்து 4-க்குள் என்றால் கிலோவுக்கு 25 யூனிட், 4 முதல் 6 வரை 35, அதற்கு மேல் 50. எடை 100 கிலோவைத் தாண்டினாலும் 100 என்றே கணக்கிட வேண்டும்.

நம் நோயாளிக்கு 35 × 60 = 2100 யூனிட். 500 யூனிட் குப்பிகள் என்றால் நான்கு, அதாவது 2000. அரைகுறைக் குப்பிக்காக இன்னொன்றை உடைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு குப்பியும் 20 மில்லியில் கரையும், மொத்தம் 80 மில்லி. குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். குப்பியை மெதுவாகச் சுழற்றினால் போதும். கிலோவுக்கு நிமிடத்துக்கு 3 யூனிட் என்பது ஏற்றும் வேகத்தின் உச்சம். அவருக்கு அது நிமிடத்துக்கு 180 யூனிட், மில்லியில் சொன்னால் ஏழுக்குச் சற்று மேல். பதினோரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதே வேலையைப் பிளாஸ்மாவால் செய்வதை ஒப்பிட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 15 மில்லி என்றால் 900 மில்லி, நான்கைந்து பை. ரத்த வகை பார்க்க வேண்டும், உறைநிலையிலிருந்து இளக்க வேண்டும், பிறகு ஏற்ற வேண்டும். வால்வு நோயாளியின் இதயத்துக்கு ஒரு லிட்டர் திரவத்தை வேகமாகத் தாங்கும் சக்தி இருக்காது, நுரையீரலில் நீர் கோத்துவிடும். இவ்வளவும் செய்தாலும் ஐஎன்ஆர் 1.5-க்குக் கீழே இறங்கத் தயங்கும், ஏனென்றால் பிளாஸ்மாவில் காரணிகள் சாதாரண அடர்த்தியில்தான் இருக்கின்றன. ஜெர்மனியில் நடந்து 2016-ல் வெளியான இன்ச் ஆய்வு வார்ஃபரின் வகை மருந்துகளால் மூளைக்கசிவு வந்தவர்களில் இரண்டையும் ஒப்பிட்டது. மூன்று மணி நேரத்துக்குள் ஐஎன்ஆர் 1.2 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள் பிளாஸ்மா பிரிவில் 9 சதவீதம், பிசிசி பிரிவில் 67 சதவீதம்.

ஆனாலும் பிசிசி விலை உயர்ந்தது, எல்லா ஊரிலும் இருப்பதில்லை. இல்லாத இடத்தில் பிளாஸ்மாவைத் தாமதமின்றித் தொடங்குங்கள். நோயாளியை வேறு ஊருக்கு அனுப்புவதாக இருந்தால், வைட்டமின் கே-யை ஏற்றத் தொடங்கிவிட்டு அனுப்புங்கள். மூன்று மணி நேரப் பயணம் என்றால், அங்கே போய்ச் சேரும்போது வைட்டமின் கே வேலையைத் தொடங்கும் நிலையில் இருக்கும். இதற்கு எந்தச் சிறப்பு வசதியும் வேண்டாம். இருந்தும் மிக அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

பிசிசி கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: ஹெபாரினால் தட்டணுக்கள் குறைந்த வரலாறு உண்டா? பெரும்பாலான பிசிசி தயாரிப்புகளில் சிறிதளவு ஹெபாரின் கலந்திருக்கிறது. உண்டு என்றால் ஹெபாரின் இல்லாத தயாரிப்பைத் தேட வேண்டும், அல்லது பிளாஸ்மாவுக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் படி: வேலை செய்ததா என்று பார்ப்பது

பிசிசி முடிந்து 15 முதல் 30 நிமிடத்தில் ஐஎன்ஆர். இலக்கு 1.3-க்குக் கீழ். நம் நோயாளிக்கு 5 மணிக்கு 1.2 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இதே நேரத்தில் ரத்த அழுத்தத்தை லேபெட்டலால் அல்லது நிகார்டிபினால் 140-ஐ ஒட்டிக் கொண்டுவந்து, 130-க்கும் 150-க்கும் இடையில் நிலையாகப் பிடிக்க வேண்டும். உறைதலைச் சரிசெய்துவிட்டு அழுத்தத்தை 190-லேயே விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

1.2 என்ற எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் மூச்சு விடுவார்கள். தவறு நடப்பது இங்கேதான். ஊற்றிய காரணிகளில் 7-ன் ஆயுள் மிகக் குறைவு, சுமார் 6 மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும். வார்ஃபரினோ உடலில் பாதியாகக் குறைய ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். மெட்ரோநிடசோலும் சேர்ந்தால் இன்னும் அதிகம். வைட்டமின் கே விட்டுப்போனவருக்குக் காலையில் 1.2 இருந்தது சாயங்காலம் 2.3 ஆகிவிடும். வார்டில் யாரும் பார்க்காவிட்டால் இரவில் கசிவு மறுபடி தொடங்கும். அதனால் 6, 12, 24 மணி நேரத்தில் ஐஎன்ஆர் மறுபடி பார்க்க வேண்டும். 12 மணி நேரத்தில் ஏறியிருந்தால் வைட்டமின் கே இன்னொரு 10 மில்லிகிராம் கொடுக்கலாம். பிசிசியைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது வழக்கமில்லை, அளவு கூடக்கூட வேறெங்கோ ரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்து கூடும். கால் வீங்கினாலோ, நெஞ்சுவலி வந்தாலோ, புதிதாக வேறொரு பக்கம் பலவீனம் தெரிந்தாலோ அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஐஎன்ஆர் 1.2 ஆனதால் ஏற்கனவே தேங்கிய 22 மில்லி எங்கும் போய்விடாது. நினைவு குறைந்தால் மறு ஸ்கேன். அறுவை சிகிச்சை வேண்டுமா என்று முடிவெடுக்கும் நரம்பியல் அறுவை மருத்துவருக்கு, இப்போது கத்தி வைக்கக்கூடிய ரத்தத்தைத் தயார் செய்து கொடுத்திருக்கிறோம். அதுதான் நாம் செய்தது.

(எலி மருந்து குடித்து வருபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதைய எலி மருந்துகளில் உள்ள புரோமடியோலோன் போன்றவை வார்ஃபரினின் நெடுநாள் உறவினர்கள். உடலில் வாரக்கணக்கில் தங்கும். ஒரு நாள் வைட்டமின் கே கொடுத்து ஐஎன்ஆர் சரியானதும் வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த வாரம் ரத்தப்போக்கோடு திரும்பி வருவார்கள். அவர்களுக்கு மாதக்கணக்கில் வாய்வழி வைட்டமின் கே தேவைப்படும்.)

மாத்திரை அட்டையில் வேறு பெயர் இருந்தால்

டபிகட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் மூன்றும் காரணிகளின் தயாரிப்பைத் தடுப்பதில்லை. ஏற்கனவே செயல்பாட்டில் உள்ள காரணியின் மேல் நேரடியாக ஒட்டிக்கொள்கின்றன. அதனால் வைட்டமின் கே இங்கே பயன்படாது. ஐஎன்ஆரும் நம்பத்தக்கதல்ல. அபிக்சபான் எடுத்தவருக்கு 1.1 வந்தாலும் மருந்து ரத்தத்தில் நிறைய இருக்கலாம். இங்கே எண்ணை விட முக்கியமானது கடைசி மாத்திரையின் நேரமும் சிறுநீரகத்தின் நிலையும். டபிகட்ரானில் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. கிரியாட்டினின் ஏறியிருப்பவருக்கு நேற்றைய மாத்திரை இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை போட்டிருந்து, சுவாசப் பாதை பாதுகாப்பாக இருந்தால், கரித்தூள் கொடுத்து மீதியை உறிஞ்சவிடாமல் தடுக்கலாம்.

டபிகட்ரானுக்கு இடாருசிசுமாப் என்ற தனி முறிமருந்து உண்டு. அமெரிக்காவில் 2015-ல் அனுமதி பெற்றது. டபிகட்ரானை மட்டும் கவ்விப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் துண்டு அது. எடை, சிறுநீரகம் எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் 5 கிராம், 2.5 கிராம் குப்பிகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. சில நிமிடங்களில் வேலை செய்யும். ஆனால் சிலருக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் திசுக்களிலிருந்து டபிகட்ரான் மறுபடி ரத்தத்துக்கு வரும். கசிவு மறுபடி தெரிந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும். முறிமருந்து கிடைக்காவிட்டால் பிசிசி கிலோவுக்கு 50 யூனிட் கொடுக்கலாம். இந்த வகையில் டயாலிசிஸால் வெளியேற்றக்கூடியதும் டபிகட்ரான் மட்டும்தான்.

ரிவராக்சபானுக்கும் அபிக்சபானுக்கும் ஆண்டெக்சனெட் என்ற முறிமருந்து 2018-ல் வந்தது. மூளைக்கசிவு நோயாளிகளில் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில் ரத்தக்கட்டி பெருகுவதை வழக்கமான சிகிச்சையை விட நன்றாகத் தடுத்தது. ஆனால் இஸ்கிமிக் பக்கவாதம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 1.5 சதவீதம், இதைப் பெற்றவர்களில் 6.5 சதவீதம். ஒரு பக்கம் கசிவை நிறுத்தி மறு பக்கம் அடைப்பை உண்டாக்குவது எந்த அளவுக்குத் தகும் என்ற கேள்வி அதோடு வலுத்தது. என் கருத்தில், இந்த இரண்டு மாத்திரைகளுக்கும் நம் ஊர் மருத்துவமனைகளில் நடைமுறையில் கைகொடுப்பது பிசிசிதான். 2000 யூனிட் நிலையான அளவில், அல்லது கிலோவுக்கு 25 முதல் 50 யூனிட் வரை. அது மருந்தை முறிப்பதில்லை. காரணிகளை அதிகமாக ஊற்றி, மருந்து ஒட்டியது போக மீதி வேலை செய்யட்டும் என்று விடுகிறது.

ஹெபாரின் ஏறிக்கொண்டிருக்கும்போது கசிவு வந்தால் முதலில் டிரிப்ஸை நிறுத்துங்கள். கடந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் போன ஒவ்வொரு 100 யூனிட்டுக்கும் புரோட்டமின் 1 மில்லிகிராம், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 50. நிமிடத்துக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் மெதுவாக. வேகமாகப் போனால் அழுத்தம் சரிந்துவிடும். எனாக்சபாரினைப் புரோட்டமின் முழுதாக முறிப்பதில்லை, ஏறக்குறைய 60 சதவீதம்தான்.

வால்வை என்ன செய்வது

நம் நோயாளியின் மகன் இந்தக் கேள்வியை நிச்சயம் கேட்பார்: "ரத்தம் உறைஞ்சா வால்வு அடைச்சுக்காதா சார்?" நியாயமான பயம். இதே பயத்தால் மருத்துவர்களும் வைட்டமின் கே-யைக் குறைத்துக் கொடுக்கவோ, தள்ளிப்போடவோ பார்ப்பார்கள். உலோக வால்வில் கட்டி உண்டாகும் ஆபத்து நாள், வாரக் கணக்கில் சேருவது. மூளையில் ரத்தம் பெருகும் ஆபத்து இந்த ஒரு மணி நேரத்தில் இருப்பது. எனவே வால்வு இருந்தாலும் முழு அளவில், முழுதாக முறியடிக்க வேண்டும். மகனிடமும் அதை அப்படியே சொல்லுங்கள்: சில நாள் மாத்திரை இல்லாமல் வால்வு பெரும்பாலும் தாங்கும், மூளை தாங்காது.

மறுபடி எப்போது தொடங்குவது என்பதை நரம்பியல், இதயவியல் மருத்துவர்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். உலோக வால்வுள்ள மூளைக்கசிவு நோயாளிகளைப் பற்றிய ஜெர்மன் ஆய்வு ஒன்றில், இரண்டு வாரத்துக்கு முன் மறுபடி தொடங்கியவர்களுக்கு ரத்தக்கசிவு கூடுதலாக இருந்தது. அடைப்பு ஆபத்து மிக அதிகமானவர்களுக்கு மட்டும் ஆறாம் நாளிலிருந்து யோசிக்கலாம் என்பது அதன் முடிவு. நம் நோயாளிக்கு இரண்டு வாரம் கழித்து, மறு ஸ்கேனில் கட்டி சுருங்கி வருவதைப் பார்த்த பிறகு, ஹெபாரின் டிரிப்ஸில் தொடங்கலாம். அதில் ஒரு வசதி உண்டு: ஏதாவது தவறினால் நிறுத்திய சில மணி நேரத்தில் போய்விடும், புரோட்டமினும் இருக்கிறது. பிறகு வார்ஃபரின். 10 மில்லிகிராம் வைட்டமின் கே போனதால் முதலில் சில நாள் ஐஎன்ஆர் ஏறத் தயங்கும். அவசரப்பட்டு அளவைக் கூட்டாமல் ஹெபாரினைத் தொடர்ந்தபடி பொறுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மெட்ரோநிடசோல் என்ற பெயரைச் சிவப்பு மையில் எழுதி, எந்தப் புது மருந்தானாலும் மூன்றாம் நாள் ஐஎன்ஆர் பார்க்க வரச் சொல்லுங்கள்.